டெய்லர் கடை நம்பர் மாறினால் வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்வது? ஷட்டர் நோட்டீஸா, வாட்ஸ்அப்பா, நேரடி போனா

பெங்களூர் அல்சூரில் என் டிடிபி கடைக்கு எதிர் வரிசையில் ஒரு லேடீஸ் டெய்லர் கடை இருக்கிறது. அதை நடத்தும் அக்கா ஜூலை தொடக்கத்தில் ஒரு துண்டுத்தாளுடன் வந்தார். "எங்கள் கடையின் தொலைபேசி எண் மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதி, கீழே புது நம்பரைப் போட்டிருந்தார். "அண்ணா, இதைப் பெரிசா அடிச்சு லேமினேஷன் போட்டுக் கொடுங்க, ஷட்டர்ல ஒட்டிடறேன்" என்றார். அடித்துக் கொடுப்பது என் தொழில். ஆனால் அந்தத் தாள் மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. இருவரும் உட்கார்ந்து, எந்த வழியில் யாருக்குச் செய்தி போகும், யாருக்குப் போகாது என்று பார்த்தோம். இதே நிலையில் இருக்கும் மற்ற டெய்லர் கடைக்காரர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நம்பரை மாற்றித்தான் ஆக வேண்டுமா என்பது. சிக்னல் சரியில்லை, ரீசார்ஜ் விலை கட்டுப்படியாகவில்லை என்பதற்காக மாற்றுவதானால் வேண்டவே வேண்டாம். நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மட்டும் மாற்றும் போர்ட் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலமும் மாற்றலாம். `PORT` என்று எழுதி, இடைவெளி விட்டு நம்பரையும் சேர்த்து 1900-க்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். அப்படிச் செய்தால் நோட்டீஸே தேவைப்படாது.

அக்காவின் பிரச்சினை வேறு. கடை ஆரம்பித்தபோது தம்பி பெயரில் எடுத்த சிம் அது. தம்பி ஜூலை முடிவில் திருவண்ணாமலைக்கே திரும்பிப் போகிறார். அவருடைய ஆதார், பேங்க் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கின்றன. போர்ட் செய்தால் கம்பெனி மாறும், சொந்தக்காரர் மாற மாட்டார். இருவரும் கம்பெனியின் கடைக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் தம்பிக்கே அந்த நம்பர் தேவை என்னும்போது அதைக் கேட்க முடியாது. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும்.

பலர் அடுத்து யோசிப்பது கால் ஃபார்வர்டிங். பழைய நம்பருக்கு வரும் அழைப்பெல்லாம் தானாகவே புது நம்பருக்குத் திரும்பும். பழைய சிம் உங்கள் கையிலேயே இருக்கப் போகிறது என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. சிம்மை ரீசார்ஜ் தீராமல் உயிரோடு வைத்திருந்தால் போதும். ஆனால் ஸ்டார், ஹேஷ் போட்டு டயல் செய்து ஃபார்வர்டிங் வைக்கும் முறையை, மோசடிக்குப் பயன்படுகிறது என்று தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது போனின் கால் செட்டிங்ஸில் போய் வைத்துப் பாருங்கள், இல்லை கஸ்டமர் கேரில் கேளுங்கள். இன்னொன்று, ஃபார்வர்டிங்கில் குரல் அழைப்பு மட்டும்தான் திரும்பும். வாட்ஸ்அப்பில் வரும் கழுத்து டிசைன் படமோ எஸ்.எம்.எஸ்ஸோ திரும்பாது. அக்காவுக்கு இந்த வழியும் அடைபட்டிருந்தது, ஏனென்றால் தம்பியின் சொந்த அழைப்புகளும் அந்த நம்பருக்குத்தானே வரும்.

மிச்சம் இருந்தவை மூன்று: ஷட்டரில் தாள், வாட்ஸ்அப், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போனில் கூப்பிடுவது.

ஷட்டர் தாளின் பலம், வாட்ஸ்அப்பே இல்லாத பெரியவர்களும் அதைப் பார்ப்பார்கள் என்பது. கடை பூட்டியிருக்கும்போது வந்து நின்று கூப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கும் அதுதான் பயன்படும். அதன் பலவீனம், கடைக்கு வந்தவருக்கு மட்டும்தான் அது தெரியும். போன் செய்கிறவர்கள் பெரும்பாலும் கடைக்கு வராமல் இருப்பதற்காகத்தான் போன் செய்கிறார்கள். "பிளவுஸ் ரெடியா?" என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றால் ஆபீஸ் விட்டு வரும் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பார்கள். அவர்கள் தாளைப் பார்ப்பதற்குள் பழைய நம்பருக்குப் பத்து முறை அடித்திருப்பார்கள்.

ஆகவே தாள் வேண்டும், ஆனால் முதல் வேலை அதுவல்ல. ஒட்டும்போது கன்னடம் மேலே, தமிழ் அடுத்து, ஆங்கிலம் கீழே என்று வைத்தோம். அந்தத் தெருவில் தைக்கக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். மூன்று மொழியிலும் ஒரே ஒரு வரி, நடுவில் நம்பர் கையகலத்துக்கு. பத்து இலக்கத்தையும் ஒட்டி அடிக்காமல், ஐந்து ஐந்தாகப் பிரித்து அடித்தேன். தெருவில் நின்று பார்த்து டயல் செய்பவருக்கு அது சுலபம்.

வாட்ஸ்அப்பில்தான் விஷயம் நிறைய இருக்கிறது, தவறும் நிறைய நடக்கிறது. பெரும்பாலான கடைக்காரர்கள் செய்வது இது: புது சிம்மைப் போட்டு, அதில் புதிதாக வாட்ஸ்அப் திறந்து, ஒரு போஸ்டர் படத்தை பிராட்காஸ்ட் பட்டியலில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று இருந்துவிடுவது. அது யாருக்கும் போயிருக்காது. பிராட்காஸ்ட் செய்தி, அனுப்புகிறவரின் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். புது நம்பரை இன்னும் யாருமே சேமிக்கவில்லை. ஸ்டேட்டஸ் வைத்தாலும் இதே கதைதான். சரி, தனித்தனியாக அனுப்பலாம் என்று முதல் நாளே நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே செய்தியைத் தள்ளினால், தெரியாத நம்பர் என்று சிலர் பிளாக் செய்வார்கள், சிலர் ரிப்போர்ட் அடிப்பார்கள். புது அக்கவுண்ட் முடங்கிப் போகவும் வாய்ப்பு உண்டு.

எனவே செய்தி பழைய நம்பரிலிருந்து, மாற்றுவதற்கு முன்பே போக வேண்டும். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், அதற்கு மேல் இருந்தால் இரண்டாவது பட்டியல். பழைய நம்பரைச் சேமித்திருப்பவர்கள்தான் வழக்கமான வாடிக்கையாளர்கள், அவர்களுக்கு அது போய்ச் சேரும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. "என் நம்பர் மாறிவிட்டது, இனி இதில் பேசு" என்று தெரியாத நம்பரிலிருந்து வரும் செய்தி மோசடிக்காரர்கள் வழக்கமாகச் செய்வது. அப்புறம் அட்வான்ஸ் அனுப்பு என்பார்கள். அதனால் விவரம் தெரிந்த வாடிக்கையாளர் புது நம்பரிலிருந்து வரும் செய்தியை நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. பழைய நம்பரிலிருந்தே வந்தால், சந்தேகம் இருந்தாலும் அதே நம்பருக்குக் கூப்பிட்டு, தெரிந்த குரலைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். பழைய நம்பர் அக்காவின் கையில் இருக்கும்போதே அறிவிப்பைத் தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான்.

அனுப்புவது படமா, எழுத்தா என்பதிலும் பேச்சு வந்தது. அக்காவுக்கு ஊசி நூல் படம் போட்ட கலர் போஸ்டர் பிடித்திருந்தது. எனக்கும் அதில்தான் காசு. ஆனால் படத்துக்குள் இருக்கும் நம்பரை விரலால் தொட்டால் பலர் போனில் எதுவும் நடக்காது. ஒரு தாளில் எழுதிவைத்து டயல் செய்ய வேண்டும், அதை யாரும் செய்ய மாட்டார்கள். எழுத்தாக அனுப்பினால் தொட்டவுடன் கூப்பிடலாம், சேமிக்கலாம். அதைவிடவும் நல்லது, புது நம்பரை ஒரு கான்டாக்ட்டாகவே சேர்த்து அனுப்புவது. எனவே முதலில் எழுத்துச் செய்தி, அதன் அடியில் கான்டாக்ட் அட்டை என்று முடிவு செய்தோம். போஸ்டரை ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்ளட்டும்.

அறிவிப்பு போன பிறகு, அக்கவுண்ட்டைப் புது நம்பருக்கு நகர்த்த வேண்டும். இங்கும் இரண்டு வழி. புதிதாகத் திறந்தால் பழைய பேச்செல்லாம் போய்விடும். வாடிக்கையாளர் அனுப்பிய டிசைன் படம், "கை அரை இஞ்ச் கம்மி பண்ணுங்க" என்ற வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதில்தான் இருக்கிறது. டெய்லர் கடைக்கு அது அளவு நோட்டில் பாதிக்குச் சமம். ஆகவே எண் மாற்றும் வசதியே சரி. வாட்ஸ்அப்பில் `Settings` > `Account` > `Change number` என்று போனால் பழைய நம்பர், புது நம்பர் இரண்டையும் கேட்கும். புது சிம்முக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் முடிந்தது. அதே போனில் செய்தால் பேச்சும் குழுக்களும் அப்படியே இருக்கும். எதற்கும் ஒரு பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்கும்: `All contacts`, `Contacts I have chats with`, `Custom`. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அக்காவின் போனில் பால்காரர், பள்ளிக்கூட வேன் டிரைவர் எல்லோரும் இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் இது வேண்டாம்.

இந்தத் தானியங்கி அறிவிப்பை மட்டும் நம்பலாமா என்றால், கூடாது. பேச்சுக்கு நடுவில் சின்ன எழுத்தில் ஒரு வரியாக வருவதைப் பலர் கவனிப்பதில்லை. அது நம்பரைச் சொல்லுமே தவிர, எந்தத் தேதியிலிருந்து, ஏன், பணம் எதற்கு அனுப்புவது என்றெல்லாம் சொல்லாது. போனில் பெயர் போட்டுச் சேமிக்காமல், வெறும் நம்பராகக் கிடக்கும் வாடிக்கையாளர்களுக்கு அது போகும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. எண் மாற்றுவதற்கு முதல் நாள் அக்காவின் மகள் பில் புக்கை வைத்துக்கொண்டு, அப்படிப்பட்ட நம்பர்களுக்கெல்லாம் பெயர் சேர்த்துக் கொடுத்தாள். அலுப்பான வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் எண் மாற்றும் வசதியில் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

இதில் பெரும்பாலானோர் நினைத்துப் பார்க்காத சிக்கல் ஒன்று உண்டு. அக்கா நம்பரை மாற்றியதும் பழைய நம்பரில் வாட்ஸ்அப் இல்லாமல் போகும். தம்பி ஊருக்குப் போய் அதே நம்பரில் தனக்கென்று வாட்ஸ்அப் திறந்தால், அறிவிப்பைக் கவனிக்காத வாடிக்கையாளர் "டெய்லர்" என்று சேமித்த பெயருக்கு அனுப்பும் படமும் அளவும் தம்பியின் போனில் போய் விழும். அக்கா பார்த்துவிட்டார் என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் தம்பியிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டோம். புரொஃபைல் படத்தில் தன் முகத்தை வைக்க வேண்டும். பெண்கள் யாராவது பிளவுஸ் படம் அனுப்பினால், பதிலாக அக்காவின் கான்டாக்ட்டை அனுப்பிவிட்டு அந்தப் படத்தை அழித்துவிட வேண்டும். தீபாவளி வரைக்கும் இதைச் செய்வதாகச் சொன்னார்.

பணத்திலும் இதே ஆபத்து. கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அக்காவின் சொந்த பேங்க் கணக்குக்கு, அவருடைய சொந்த நம்பருடன் இணைந்தது. அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சில வாடிக்கையாளர்கள் யுபிஐ ஆப்பில் கடையின் போன் நம்பரை அடித்து அட்வான்ஸ் அனுப்பும் பழக்கம் வைத்திருக்கிறார்கள். அது இதுவரை தம்பியின் கணக்குக்குப் போய், அவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இனி அது திருவண்ணாமலையில் இருக்கும். அறிவிப்பில் பணம் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்று சேர்த்தது அதனால்தான்.

மூன்றாவது வழி, போனில் கூப்பிட்டுச் சொல்வது. எல்லோரையும் கூப்பிட முடியாது, கூப்பிடத் தேவையும் இல்லை. ரேக்கில் இப்போது யாருடைய துணி இருக்கிறதோ அவர்களைக் கட்டாயம் கூப்பிட வேண்டும். அக்காவின் கடையில் ஒவ்வொரு கவரிலும் அளவு பிளவுஸ், துணி, லைனிங், அதன் மேல் பில்லின் கார்பன் காப்பி பின் குத்தியிருக்கும். அந்தக் காப்பியில் பெயரும் நம்பரும் டெலிவரி தேதியும் இருக்கும். டெலிவரி தேதி ஜூலை 20-க்குப் பிறகு இருந்த கவர்களைத் தனியாக எடுத்து, பழைய நம்பரிலிருந்தே கூப்பிட்டார். "அக்கா, உங்க பிளவுஸ் இருபத்தஞ்சாம் தேதி தர்றேன். அதுக்குள்ள என் நம்பர் மாறிடும், வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், சேவ் பண்ணிக்கோங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கூப்பிட்டு முடித்ததும் அந்தக் காப்பியில் பென்சிலால் ஒரு டிக். ஒரே மாலையில் முடிகிற வேலை இது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது டெய்லர் போனை எடுக்கவில்லை என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தைப்பவர்களுக்குத் தெரியும். இந்த மூன்றில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

வாட்ஸ்அப் இல்லாத சில பெரியவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினோம். கம்பெனிகள் அனுப்பும் மொத்த எஸ்.எம்.எஸ்ஸுக்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிப்படி பதிவு, வார்ப்புரு ஒப்புதல் எல்லாம் வேண்டும், சின்னக் கடைக்கு அது தேவையில்லாத சுமை. சொந்த சிம்மிலிருந்து பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்பினால் போதும். தமிழில் அடித்தால் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் 70 எழுத்துக்குறிதான் அடங்கும், ஆங்கிலத்தில் போல 160 இல்லை. புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாமே தனித்தனியாகக் கணக்கில் வரும். "வாடிக்கையாளர்களுக்கு" என்ற ஒரே சொல்லிலேயே இருபது போய்விடும். "அக்கா, டெய்லர் கடை புது நம்பர் .......... ஜூலை 20 முதல்." என்று எழுதியது ஒன்றுக்குள் அடங்கியது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகத்துக்கு மூன்று வடிவம் பார்த்தோம். அக்கா எழுதியதில் நம்பர் மட்டும் இருந்தது, பழைய நம்பர் என்ன ஆகும் என்று இல்லை. மகள் எழுதியது "எங்கள் அன்பான வாடிக்கையாளர்களுக்கு, இத்தனை ஆண்டுகளாக நீங்கள் அளித்துவரும் ஆதரவுக்கு" என்று மரியாதையாகத் தொடங்கியது, ஆனால் நம்பர் ஏழாவது வரியில் வந்தது. நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடும், திறந்து பார்க்காதவருக்கு நம்பரே தெரியாது. கடைசியில் அனுப்பியது இது:

"அல்சூர் லேடீஸ் டெய்லர் கடையின் புது நம்பர்: ..... .....
ஜூலை 20 முதல் போன், வாட்ஸ்அப் இரண்டும் இதில்தான். பழைய நம்பரை அழித்துவிட்டு, அதே பெயரில் இதைச் சேமித்துக்கொள்ளுங்கள்.
பழைய நம்பருக்குப் பணம் அனுப்ப வேண்டாம். கடையில் உள்ள கியூஆரில் மட்டும் செலுத்துங்கள்.
சந்தேகம் இருந்தால் ஜூலை 19-க்குள் இந்தப் பழைய நம்பருக்கே கூப்பிட்டுக் கேளுங்கள்.
கடை, இடம், நேரம் எதுவும் மாறவில்லை."

கடைசி வரியை அக்காதான் சேர்க்கச் சொன்னார், சொன்னது சரி. நம்பர் மாறினால் கடையே காலியாகிவிட்டது என்று நினைத்து வேறு டெய்லரிடம் போகிறவர்கள் உண்டு. நன்றி சொல்லும் வரி இல்லையே என்று மகளுக்குக் குறை. அதை டெலிவரி கவரில் போடும் சீட்டில் வைத்துக்கொண்டோம், அங்கே இடம் இருக்கிறது.

தேதியைத் தேர்ந்ததிலும் கணக்கு உண்டு. ஆடியில் தமிழர்கள் கல்யாணம் வைப்பதில்லை, கன்னடக்காரர்களுக்கு ஆஷாடமும் ஏறக்குறைய அதையொட்டித்தான் வரும். கல்யாண பிளவுஸ் குறைவாக இருக்கும் அந்த இடைவெளியில் மாற்றினால் குழப்பம் குறையும். வரமகாலட்சுமி நெருங்கிவிட்டால் துணி குவிய ஆரம்பிக்கும், அப்போது இந்த வேலை எதையும் தொட முடியாது. தம்பி கிளம்புவது மாதக் கடைசி. இருபதாம் தேதி மாற்றிவிட்டால், அவர் பெங்களூரில் இருக்கும்போதே பழைய நம்பருக்கு வரும் அழைப்புகளைப் பத்து நாள் எடுத்துப் புது நம்பரைச் சொல்லி அனுப்ப முடியும்.

இவ்வளவும் செய்தாலும் போய்ச் சேராத ஒரு கூட்டம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு மட்டும் தைப்பவர்கள். அவர்களிடம் கடை நம்பர் இருப்பது பிளவுஸின் கழுத்துக்குப் பின்புறம் உள்ளே தைத்திருக்கும் லேபிளில். நல்ல பிளவுஸ் பல வருஷம் உழைக்கும், அந்த நம்பரும் அத்தனை வருஷம் அதிலேயே இருக்கும். அதை மாற்ற வழியே இல்லை. தம்பி தீபாவளி வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டதற்கு முக்கியக் காரணமே இவர்கள்தான். கூகுள் மேப்பில் கடையின் நம்பரையும் அன்றே மாற்றிவிட்டோம், தேடிப் பார்ப்பவர்களாவது பிடித்துக்கொள்வார்கள்.

பழைய பில் புக் இன்னும் நான்கு கட்டு மிச்சம் இருந்தது. அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்றேன். புது நம்பருக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, பழைய நம்பரைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் குத்திக்கொள்ளலாம். கார்பன் காப்பியிலும் மறக்காமல் குத்த வேண்டும். லேபிள் மட்டும் பழைய ரோல் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அன்றோடு நிறுத்திவிட்டு, புது நம்பருடன் புது ரோல் ஆர்டர் கொடுக்கச் சொன்னேன். இந்த முறை நம்பர் அக்காவின் சொந்தப் பெயரில், சொந்த ஆதாரில் எடுத்தது.